பத்தாம் வகுப்பு மதிப்பெண்களைப் பெட்டி வரைபடத்தில் படிப்பது எப்படி: மூன்று பிரிவுகள், ஒரு கணக்குத் தேர்வு

பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் மூன்று பிரிவுகள். 10அ, 10ஆ இரண்டும் தமிழ்வழி, தலா 23 பேர். 10இ ஆங்கிலவழி, 15 பேர். அரையாண்டுக் கணக்குத் தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தி, மதிப்பெண்ணும் ஏற்றியாயிற்று. தேர்ச்சிப் பகுப்பாய்வுக் கூட்டத்தில் வழக்கமான தாள் சுற்றுக்கு வருகிறது: தேர்ச்சி விழுக்காடு 10அ 95.7, 10இ 93.3, 10ஆ 56.5. சராசரி 10அ 47, 10ஆ 48, 10இ 72.5.

இந்தத் தாளை வைத்து என்ன பேசுவார்கள் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். "ஆ செக்‌ஷன் ஏன் சார் இப்படி?" என்று ஆரம்பித்து அதிலேயே நேரம் ஓடிவிடும். 10அ-வைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் பொதுத்தேர்வை நினைத்தால் உடனே கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து 10அ-வில்தான் இருக்கிறது. விழுக்காட்டிலும் சராசரியிலும் அது தெரியாது. பெட்டி வரைபடத்தில் ஒரே பார்வையில் தெரியும், படிக்கத் தெரிந்தால். அதைத்தான் இங்கே அடி அடியாகப் பார்க்கப்போகிறோம். பள்ளியும் மதிப்பெண்களும் விளக்கத்துக்காக நானே அமைத்தவை. ஆனால் இந்த மூன்று வடிவங்களும் எந்த ஆசிரியர் அறைக்கும் புதிதல்ல.

முதலில் மதிப்பெண்களை வரிசைப்படுத்துவது

வருகைப் பதிவேட்டு வரிசையை மறந்துவிட்டு, குறைந்ததிலிருந்து கூடியதுவரை எழுதுங்கள்.

```
10அ: 8 35 35 36 37 38 39 41 42 44 45 46
     47 48 50 51 53 54 56 58 60 62 97

10ஆ: 12 15 18 20 22 24 26 27 29 31 36 44
     58 62 65 67 70 72 75 78 80 84 88

10இ: 29 52 58 63 68 72 75 78
     80 81 83 84 86 88 91
```

பெட்டி வரைபடத்துக்கு வேண்டியது இந்த வரிசையில் சில இடங்கள் மட்டுமே. 23 பேரில் சரியாக நடுவில் நிற்பவர் பன்னிரண்டாவது பிள்ளை; அவருக்குக் கீழே 11 பேர், மேலே 11 பேர். அவருடைய மதிப்பெண்தான் இடைநிலை அளவு, அதாவது மீடியன். 10அ-வில் அது 46, 10ஆ-வில் 44. பிறகு, கீழே நிற்கும் 11 பேருக்கு நடுவில் இருப்பவரைத் தேடுங்கள். அவர் ஆறாவது பிள்ளை. அது கீழ்க் கால்மானம். மேலே நிற்கும் 11 பேருக்கு நடு பதினெட்டாவது பிள்ளை. அது மேல் கால்மானம். 10அ-வில் இவை 38, 54. 10ஆ-வில் 24, 72. 15 பேர் உள்ள 10இ-யில் நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்: 63, 78, 84.

கணினியில் செய்தால், 23 மதிப்பெண்கள் B2 முதல் B24 வரை இருக்கும்போது எக்செல் சூத்திரங்கள் இவை:

```
=QUARTILE.EXC(B2:B24,1)
=MEDIAN(B2:B24)
=QUARTILE.EXC(B2:B24,3)
```

QUARTILE.INC என்றும் ஒன்று உண்டு. அதைப் போட்டால் 10அ-வின் கால்மானங்கள் 38.5, 53.5 என்று வரும். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகளே. நடு மதிப்பை இரண்டு பாதிகளிலும் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் வேறுபாடு. பக்கத்து பள்ளி ஆசிரியரின் விடையும் உங்கள் விடையும் அரை மதிப்பெண் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். எதை எடுத்தாலும் எல்லாப் பிரிவுகளுக்கும் எல்லாத் தேர்வுகளுக்கும் அதையே எடுங்கள்.

வேலியும் மீசையும்

கீழ்க் கால்மானத்திலிருந்து மேல் கால்மானம்வரை ஒரு பெட்டி. மீடியன் இருக்கும் இடத்தில் பெட்டிக்குள் ஒரு கோடு. இதுவரை சிக்கல் இல்லை. பெட்டியின் இருபுறமும் நீளும் கோடுகளை மீசை என்கிறோம், அவை எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து மிகக் கூடியதுவரை மீசையை இழுத்துவிடுவது எளிய வழி. சில பாடநூல்களும் அப்படித்தான் வரையும். 10அ-வுக்கு அப்படிச் செய்து பாருங்கள்: மீசை 8-லிருந்து 97 வரை ஓடும். 10ஆ-வுக்கு 12-லிருந்து 88 வரை. படத்தைப் பார்ப்பவர் 10அ-தான் அதிகம் சிதறிய வகுப்பு என்று நினைப்பார். உண்மையோ நேர்மாறு. 10அ-வில் 21 பேர் 35-க்கும் 62-க்கும் நடுவில் நெருங்கி நிற்கிறார்கள். ஓரத்தில் இருவர் மட்டும் தனியாக நிற்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி ஒரு வேலி போட்டார். 1977-இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு அதுவே பரவலான வழக்கம் ஆனது. பெட்டியின் நீளத்தை, அதாவது மேல் கால்மானத்துக்கும் கீழ்க் கால்மானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒன்றரையால் பெருக்குங்கள். கீழ்க் கால்மானத்திலிருந்து அவ்வளவு கழித்தால் கீழ்வேலி. மேல் கால்மானத்தோடு அவ்வளவு கூட்டினால் மேல்வேலி.

10அ-வில் பெட்டியின் நீளம் 54 − 38 = 16. ஒன்றரை மடங்கு 24. கீழ்வேலி 38 − 24 = 14. மேல்வேலி 54 + 24 = 78. இந்த வேலிகளைப் படத்தில் வரையக் கூடாது. மீசையும் வேலிவரை நீளாது. வேலிக்குள் இருக்கும் கடைசிப் பிள்ளையின் மதிப்பெண்ணில் மீசை நின்றுவிடும். 14-க்கு மேலே உள்ள முதல் மதிப்பெண் 35; ஆக, கீழ்மீசை 35-இல் முடிகிறது. 78-க்குக் கீழே உள்ள கடைசி மதிப்பெண் 62. மேல்மீசை அங்கே முடிகிறது. வேலிக்கு வெளியே உள்ள 8-உம் 97-உம் தனித்தனிப் புள்ளிகள். அவைதான் அவுட்லையர் எனப்படும் விலகிய புள்ளிகள்.

10ஆ-வில் பெட்டியின் நீளம் 48. ஒன்றரை மடங்கு 72. கீழ்வேலி 24 − 72, சுழியத்துக்கும் கீழே போய்விடுகிறது. மேல்வேலி 144. 100 மதிப்பெண் தேர்வில் யாரும் இந்த வேலிகளைத் தாண்ட முடியாது. விலகிய புள்ளியே இல்லை. 10இ-யில் பெட்டி 21, ஒன்றரை மடங்கு 31.5, வேலிகள் 31.5-உம் 115.5-உம். 29 எடுத்த பிள்ளை மட்டும் வெளியே. கீழ்மீசை 52-இல் நிற்கிறது.

மூன்றையும் ஒரே அளவுகோலில் அடுக்கினால் இப்படி வரும். `[` `]` பெட்டியின் இரு ஓரங்கள், நடுவில் உள்ள `|` மீடியன், `o` விலகிய புள்ளி.

```
0         20        40        60        80        100

10அ
    o            |-[===|===]---|                o

10ஆ
      |-----[=========|=============]-------|

10இ
              o           |----[=======|==]--|
```

எக்செல் 2016-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் Insert தாவலில் Insert Statistic Chart, அதில் Box and Whisker என்று போனால் படத்தை அதுவே வரைந்துவிடும். அங்கே பெட்டிக்குள் ஒரு பெருக்கல் குறியும் தெரியும். அது சராசரி, மீடியன் அல்ல. அச்சை மட்டும் நீங்களே 0 முதல் 100 வரை என்று நிறுத்திவிடுங்கள். தனித்தனியாக வரைந்த படங்களில் ஒன்று 0-விலிருந்தும் இன்னொன்று 40-லிருந்தும் தொடங்கினால், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது.

பெட்டியின் நீளம் பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல

படத்தைப் படிக்கும்போது முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இது. பெட்டி நீளமாக இருந்தால் அதில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று கண் சொல்லும். அப்படியில்லை. 10அ-வை எண்ணிப் பாருங்கள்: கீழ்க் கால்மானத்துக்குக் கீழே 5 பேர், அங்கிருந்து மீடியன்வரை இடையில் 5 பேர், மீடியனிலிருந்து மேல் கால்மானம்வரை 5 பேர், அதற்கு மேலே 5 பேர், மூன்று கோடுகளின் மேல் மூவர். 10ஆ-விலும் அச்சு அசலாக அதே எண்ணிக்கைதான். பென்னாகரம் பஸ்ஸில் ஐந்து பேர் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்தாலும் ஐந்து சீட்டில் பரவி உட்கார்ந்தாலும் டிக்கெட் ஐந்துதான். பகுதி குட்டையாக இருந்தால் நெரிசல், நீளமாக இருந்தால் இடைவெளி.

இப்போது 10இ-யின் பெட்டியைப் பாருங்கள். கோடு நடுவில் இல்லை, மேல் ஓரத்தை ஒட்டி நிற்கிறது. 63-லிருந்து 78 வரை 15 மதிப்பெண் அகலம். 78-லிருந்து 84 வரை 6 மதிப்பெண் அகலம். இரண்டு துண்டிலும் பிள்ளைகள் அதே அளவுதான். மேல் பாதி ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கிறது, கீழ்ப் பாதி வால்போல் இழுபடுகிறது என்று பொருள். சராசரி 72.5 மீடியனைவிடக் குறைந்து போனதும் அந்த வாலால்தான். பெருக்கல் குறி கோட்டுக்குக் கீழே விழுந்தால் கீழ்ப்பக்கம் யாரோ இழுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மேலே நெருங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 100 என்ற கூரை. கேள்வித்தாள் எளிதாக இருந்தால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் கூரையில் போய் முட்டுவார்கள். அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் படத்தில் அழிந்துவிடும். 10இ-யின் மேல்வேலி 115.5 என்று பார்த்தோமே, அந்த வகுப்பில் ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கினாலும் விலகிய புள்ளி ஆக முடியாது. 10அ-வில் 97 தனியாகத் தெரிகிறது. 10இ-யில் அதே 97 மீசைக்குள் போய்விடும். ஆகவே "அ பிரிவில் ஒரு ஜீனியஸ் இருக்கிறான், இ பிரிவில் யாரும் இல்லை" என்று புள்ளியைப் பார்த்துப் பேசுவது தப்பு.

அதேபோல் 10அ-வில் 8 மதிப்பெண் விலகிய புள்ளி. 10ஆ-வில் ஒரு பிள்ளை 8 வாங்கியிருந்தால் மீசை கொஞ்சம் நீண்டிருக்கும், அவ்வளவுதான். உதவி இரு பிள்ளைகளுக்கும் ஒரே அளவுதான் தேவை. விலகிய புள்ளி என்பது அந்த வகுப்போடு ஒப்பிட்ட தீர்ப்பு. தனிக்கவனம் வேண்டிய பிள்ளைகளின் பட்டியலை அதை வைத்துத் தயாரித்தால் 10ஆ-வில் ஒருவர்கூட வரமாட்டார், அங்கே 35-க்குக் கீழே பத்துப் பேர் இருந்தும்.

10அ-வின் கீழ்மீசை ஏன் இவ்வளவு குட்டை?

இனி ஆரம்பத்தில் சொன்ன ஆபத்துக்கு வருவோம். 10அ-வின் கீழ்மீசை 38-லிருந்து 35 வரை, மூன்றே மதிப்பெண் நீளம். மேல்மீசையோ 8 மதிப்பெண். கீழ்மீசை இப்படி வெட்டியதுபோல் நிற்கும்போது அது எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். 35. தேர்ச்சிக்கோடு.

திருத்தும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. 33 வந்த தாளை இன்னொரு முறை புரட்டி, ஏதாவது ஒரு படிநிலைக்கு அரை, ஒன்று தேடிப் போட்டு, 35-இல் நிறுத்துவது பள்ளித் தேர்வில் நடப்பதுதான். பிள்ளை மனம் உடையக் கூடாது என்ற எண்ணம் நல்லதே. ஆனால் அதனால் வரைபடத்தின் அடிப்பகுதி அமுங்கிவிடுகிறது. வரிசைப் பட்டியலில் 8-க்கும் 35-க்கும் நடுவில் யாருமே இல்லை, 35-லிருந்து 38-க்குள் ஐந்து பேர் குவிந்திருக்கிறார்கள் என்றால், அந்த 35-கள் அளந்து வந்தவையா தூக்கி வைத்தவையா என்று விடைத்தாளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தூக்கி வைத்ததாகவே இல்லாவிட்டாலும் நிலைமை லேசானதல்ல. பொதுத்தேர்வுக் கேள்வித்தாள் கொஞ்சம் கடினமாக வந்து எல்லோருக்கும் 4 மதிப்பெண் குறைகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 10அ-வில் 35, 35, 36, 37, 38 ஆகிய ஐந்து பேரும் 31-க்கும் 34-க்கும் இடையில் விழுவார்கள். ஏற்கெனவே தவறிய ஒருவரோடு ஆறு பேர். தேர்ச்சி 95.7-லிருந்து 73.9 விழுக்காட்டுக்குச் சரியும். அதே 4 மதிப்பெண் குறைந்தால் 10ஆ-வில் கூடுதலாகத் தவறுவது 36 எடுத்த ஒரே பிள்ளை, 56.5 என்பது 52.2 ஆகும். 10இ-யில் ஒருவர்கூடக் கூடுதலாகத் தவறமாட்டார்.

விழுக்காட்டுத் தாளில் முதலிடத்தில் இருந்த பிரிவுதான் ஒரு சின்ன அசைவுக்கு அதிகம் ஆடுகிறது. படத்தில் இதைப் பார்க்க ஒரு சுலபமான பழக்கம் உண்டு: 35-இல் எல்லாப் பிரிவுகளுக்கும் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். எந்தப் பெட்டியின் கீழ் ஓரமும் மீசையும் அந்தக் கோட்டை ஒட்டிக் குட்டையாக நிற்கிறதோ அங்கே கூட்டம் விளிம்பில் நிற்கிறது. என்னைக் கேட்டால், மெல்லக் கற்கும் மாணவர்கள் பட்டியலில் தவறியவர்களை மட்டும் எழுதாமல் இந்த விளிம்புப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும். வழக்கமாக அவர்கள் "பாஸ்" கட்டத்தில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

பெட்டி மறைப்பது: 10ஆ

10ஆ-வின் படம் பார்க்கச் சாதுவாக இருக்கிறது. நீளமான பெட்டி, இரண்டு பக்கமும் மீசை, விலகிய புள்ளி இல்லை, நடுக்கோடு 44-இல். "சராசரி வகுப்பு, கொஞ்சம் பரவலாக இருக்கிறது" என்று படித்துவிட்டுப் போய்விடலாம். 44-ஐச் சுற்றி வகுப்பின் பெரும்பகுதி இருக்கும் என்றும் தோன்றும்.

மூல வரிசைக்குத் திரும்புங்கள். 12-லிருந்து 31 வரை பத்துப் பேர். 58-லிருந்து 88 வரை பதினோரு பேர். நடுவில் 36-உம் 44-உம் மட்டும், இரண்டே பேர். இது ஒரு வகுப்பல்ல. ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வகுப்புகள். 44 என்ற மீடியன் யாரையும் குறிக்கவில்லை. அந்த மட்டத்துக்குப் பாடம் நடத்தினால் மேலே உள்ளவர்களுக்கு அலுப்பு, கீழே உள்ளவர்களுக்குப் புரியாது.

இரண்டு குவியல்களைக் காட்டும் திறன் பெட்டி வரைபடத்துக்கு இல்லை. அது ஐந்து எண்களைத்தான் வைத்துக்கொள்கிறது, மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. சந்தேகம் வரவேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: மீசைகளைவிடப் பெட்டி பல மடங்கு நீளமாக இருப்பது. 10ஆ-வில் பெட்டி 48, மீசைகள் 12-உம் 16-உம். நடுவில் கூட்டமும் ஓரங்களில் சிலரும் இருக்கும் சாதாரண வகுப்பில் ஒவ்வொரு மீசையும் பெட்டியில் பாதிக்காவது வரும். பெட்டி மிக நீளமாகவும் மீசை குட்டையாகவும் இருந்தால் நடு காலியாக இருக்கலாம். உடனே புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். எக்செல்லில் பெட்டியின் மேல் வலச்சொடுக்கி Format Data Series திறந்து Show inner points என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புள்ளியாகத் தெரியும். 23 பேருக்கு இது ஒரு நிமிட வேலை; என் கருத்தில் முப்பது நாற்பது பேருக்குள் உள்ள வகுப்புக்குப் புள்ளி இல்லாத பெட்டியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகவே கூடாது.

இரண்டு குவியல் ஏன் வந்தது என்று படம் சொல்லாது. ஒன்பதாம் வகுப்பில் வேறு பள்ளிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் கீழ்க் குவியலில் இருக்கலாம். பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், பாட்டி வீட்டில் இருந்தபடி இடையிடையே மட்டும் பள்ளிக்கு வரும் பிள்ளைகளாக இருக்கலாம். வருகைப் பதிவேட்டையும் சேர்க்கைப் பதிவேட்டையும் இந்தப் பத்துப் பெயர்களுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று பிடிபடும்.

வராத பிள்ளையின் பூஜ்யம்

இது உண்மையில் வரைவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. விலகிய புள்ளி என்னவென்று தெரிந்த பிறகு சொன்னால்தான் விளங்கும் என்று இங்கே வைத்தேன்.

10இ-யில் உண்மையில் 17 பேர், இரண்டு பேர் தேர்வுக்கு வரவில்லை என்று கொள்வோம். மதிப்பெண் பட்டியலை ஏற்றியவர் ஆப்சென்ட் என்று போட வேண்டிய இடத்தில் 0 அடித்துவிட்டார். என்ன ஆகும்? மீடியன் 78-லிருந்து 75-க்கு இறங்கும். அது பெரிய விஷயமில்லை. கீழ்க் கால்மானம் 63-லிருந்து 55-க்கு விழும். மேல் கால்மானம் 83.5. பெட்டியின் நீளம் 28.5 ஆகிவிடும், ஒன்றரை மடங்கு 42.75. கீழ்வேலி 12.25.

இப்போது 29 எடுத்த பிள்ளையைத் தேடுங்கள். வேலி 12.25-க்குப் போய்விட்டதால் 29 உள்ளே வந்துவிட்டது. மீசை 29 வரை நீண்டுகொள்ளும். அந்த வகுப்பில் உண்மையிலேயே தடுமாறும் ஒரே பிள்ளை படத்தில் காணாமல் போகிறார். தேர்வே எழுதாத இரண்டு பேர் புள்ளிகளாக முன்னால் நிற்கிறார்கள். ஒரு சின்ன வகுப்பில் இரண்டு பொய்ப் பூஜ்யங்கள் செய்யும் வேலை இது.

ஆகவே வராதவர்களின் கட்டத்தில் AB என்று எழுத்தாகப் போடுங்கள், அல்லது காலியாக விடுங்கள். மேலே கொடுத்த எக்செல் சூத்திரங்கள் எழுத்தையும் காலிக் கட்டத்தையும் கணக்கில் எடுக்காது, பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளும். ஆப்சென்ட் எண்ணிக்கையைப் படத்துக்குக் கீழே தனியாக எழுதுங்கள்: "10இ: 17 பேரில் 15 பேர் எழுதினர்." தேர்வு எழுதி உண்மையாகவே 0 வாங்கிய பிள்ளை இருந்தால் அந்த 0 இருக்கத்தான் வேண்டும்.

விலகிய புள்ளியை எடுத்துக்கொண்டு எங்கே போவது

விடைத்தாளிடம். புள்ளி என்பது "இங்கே கொஞ்சம் நின்று பார்" என்ற குறி மட்டுமே; அதை அழித்துவிட்டுப் படத்தை அழகாக்குவதற்கான அனுமதி அல்ல.

10அ-வின் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டியலில் உள்ள எண்ணும் விடைத்தாள் முகப்பில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 48 அடிக்கும்போது 4 விழாமல் போவது சாதாரணமாக நடக்கும். எண் சரியென்றால் கூட்டலைப் பாருங்கள். உள்பக்கத்தில் போட்ட மதிப்பெண் முகப்புக்கு வராமல் விட்டுப்போயிருக்கலாம். அதுவும் சரியென்றால் தாளையே படியுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் குறித்துவிட்டு மீதியைக் காலியாக விட்டிருந்தால் ஒரு கதை. எல்லாக் கேள்வியையும் முயன்று எல்லாம் தவறாகியிருந்தால் முற்றிலும் வேறு கதை. முதலாவதில் பிள்ளையின் வருகையையும் உடல்நலத்தையும் வீட்டையும் விசாரிக்க வேண்டும். இரண்டாவதில் எந்த வகுப்புக் கணக்கிலிருந்து அடித்தளம் விட்டுப்போனது என்று தேட வேண்டும். 97-க்கும் இதே வரிசைதான்: முதலில் எண், பிறகு கூட்டல், பிறகு தாள்.

எல்லாம் சரியாக இருந்து, புள்ளிக்கு எந்தக் காரணமும் கிடைக்காமலும் போகலாம். மணி வடிவில் பரவிய மிகப் பெரிய கூட்டத்தில்கூட இந்த ஒன்றரை மடங்கு வேலி ஆயிரத்துக்கு ஏழு பேரை வெளியே தள்ளும். சிறிய வகுப்பில் தற்செயலாகவே ஒரு புள்ளி வெளியே வருவது அதைவிடக் கூடுதலாக நடக்கும். ஒன்றரை என்பது டூக்கி வைத்த ஒரு வழக்கம்தானே தவிர இயற்கை விதி அல்ல.

பிரிவுகளை ஒப்பிடும்போது

10இ-யின் பெட்டி முழுவதும் 10அ-வின் பெட்டிக்கு மேலே நிற்கிறது. 10இ-யின் கீழ்க் கால்மானம் 63, 10அ-வின் மேல்மீசையே 62-இல் முடிந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வராது. ஆனால் 10அ-வின் மீடியன் 46, 10ஆ-வின் மீடியன் 44 என்ற இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் எதுவும் இல்லை. 10ஆ-வில் நடுவில் நிற்கும் அந்த ஒரே பிள்ளை இன்னொரு கணக்கைப் போட்டிருந்தால் அது மாறிப்போயிருக்கும். பெட்டிகள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் மீடியன் வித்தியாசத்தைப் பேசாமல் வடிவ வித்தியாசத்தைப் பேசுங்கள்.

10இ உயர்ந்து நிற்பதற்கு அங்கே பாடம் எடுத்தவரைப் பாராட்டலாமா என்றால், இந்தப் படத்தை வைத்து முடியாது. பிள்ளைகள் ஆங்கிலவழிப் பிரிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது படத்தில் இல்லை. அந்தக் கேள்விக்கு ஓரளவு நியாயமான பதில் வேண்டுமென்றால், பிரிவைப் பிரிவோடு ஒப்பிடாமல், அதே பிரிவின் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேள்வித்தாள் கடினம் மாறியிருந்தால் மூன்று பிரிவுகளும் சேர்ந்தே ஏறும் அல்லது இறங்கும். ஒரு பிரிவு மட்டும் நகர்ந்திருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

அறிவியலுக்கு இதே படத்தைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் விழுவதால் மொத்தத்தை வரைந்தால் பெட்டிகள் அப்படியே மேலே தூக்கப்பட்டுத் தெரியும், 35 கோட்டின் ஆபத்து மறைந்துபோகும். 75-க்கான மதிப்பெண்ணை மட்டும் தனியாக வரையுங்கள்.

திருப்புதல் தேர்வு வந்ததும் மூன்று படங்களிலும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டாம். 10அ-வில் கீழ் ஓரத்தைப் பாருங்கள்: 38 என்பது 43, 44-க்குப் போனால் விளிம்புக் கூட்டம் கோட்டிலிருந்து விலகிவிட்டது என்று பொருள், தேர்ச்சி விழுக்காடு அசையாமல் 95.7-லேயே இருந்தாலும். 10ஆ-வில் மீடியனைப் பார்த்தால் ஏமாறுவீர்கள். நடுவில் நிற்பவர் ஒருவர்தான், அவர் மட்டும் ஏறினாலும் கோடு ஏறிவிடும். அங்கே கீழ்க் கால்மானம் 24-லிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதே கணக்கு. அது 35-ஐத் தொட்டால் ஆறாவது பிள்ளையிலிருந்து மேலே உள்ள 18 பேரும் தேர்ச்சிக்கோட்டுக்கு வந்துவிட்டார்கள். 10இ-யில் பெட்டியை விட்டுவிட்டு அந்த ஒற்றைப் புள்ளியின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த படத்தில் அவர் மீசைக்குள் வந்தாரா, வந்தவர் மதிப்பெண் கூடி வந்தாரா அல்லது வகுப்பே கீழே இறங்கியதால் வேலி நகர்ந்து உள்ளே வந்தாரா என்று பாருங்கள்.